ஒரே எண், வேறு வேறு புல்வெளி

நெதர்லாந்தின் வடகரையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்தீவு டெர்ஸ்கெல்லிங். 1982இல் அந்தத் தீவின் மணல்மேட்டுப் புல்வெளிகளில் 20 இடங்களில் தாவரக் கணக்கெடுப்பு நடந்தது. கிடைத்தது 30 தாவர இனங்கள். எந்த இடத்தில் எந்த இனம் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அந்த நிலம் எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்றும் குறித்துக்கொண்டார்கள். ரசாயன இடுபொருள் தவிர்க்கும் இயற்கை விவசாய நிலங்கள் 3, பொழுதுபோக்காக விவசாயம் செய்வோரின் நிலங்கள் 5, வழக்கமான விவசாய நிலங்கள் 6, இயற்கைப் பாதுகாப்புக்காக ஒதுக்கிய நிலங்கள் 6.

இருபது வரிசை, முப்பது பத்தி கொண்ட இந்தச் சிறிய அட்டவணை இன்று சூழலியல் மாணவர்களிடையே உலகப் புகழ் பெற்றது. ஃபின்லாந்தின் யாரி ஒக்சானனும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய வேகன் என்ற மென்பொருள் தொகுப்பில் இது பயிற்சித் தரவாக இருக்கிறது. ஒரு நிலத்தின் பல்வகைமையை ஆய்வுக்கட்டுரையில் எப்படிச் சொல்வது, எப்படிச் சொன்னால் படிப்பவர் ஏமாறுவார் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதலாம் இடத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான விவசாய நிலம். அங்கே ஐந்தே இனங்கள். லோலியம் என்ற தீவனப்புல்லுக்கு 7 மதிப்பு, எலைமஸ் புல்லுக்கு 4, போவா புல்லின் ஒரு வகைக்கு 4, இன்னொரு வகைக்கு 2, அக்கிலியா என்ற பூச்செடிக்கு 1. மொத்தம் 18. இந்த ஐந்து எண்களையும் ஒரே எண்ணாகச் சுருக்குவதுதான் பல்வகைமைக் குறியீடு.

அதிகம் பயன்படுவது ஷானன் குறியீடு. தந்தி, தொலைபேசிச் செய்திகளில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்று அளக்க கிளாட் ஷானன் 1948இல் தந்த சூத்திரம் அது. ஒவ்வோர் இனத்துக்கும் மொத்தத்தில் என்ன பங்கு என்று பார்க்க வேண்டும். அந்தப் பங்கை அதன் மடக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, எதிர்க்குறியை நீக்கினால் விடை வந்துவிடும். சூத்திரமாக எழுதினால் H = −Σ p ln p. லோலியத்தின் பங்கு 7/18, அது 0.367ஐத் தருகிறது. 4 மதிப்புள்ள இரண்டு புற்களும் ஆளுக்கு 0.334. மீதி இரண்டும் 0.244, 0.161. கூட்டினால் 1.44.

இந்த 1.44 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்து யாராலும் எதையும் உணர முடியாது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. இயல் மடக்கையின் அடியான e என்ற எண்ணை 1.44 மடிக்கு உயர்த்தினால் 4.2 வரும். சமமான பங்குள்ள 4.2 இனங்கள் இருந்தால் எவ்வளவு பல்வகைமையோ அவ்வளவு இந்த நிலத்தில் இருக்கிறது என்று பொருள். ஐந்து இனங்கள் இருந்தும் 4.2 ஆகக் குறைந்ததற்குக் காரணம் லோலியத்தின் ஆதிக்கம். அதே தீவில் பொழுதுபோக்கு விவசாயியின் நிலமான ஐந்தாம் இடத்தில் 14 இனங்கள், ஷானன் 2.54, அது 12.7 இனங்களுக்குச் சமம். 1.44க்கும் 2.54க்கும் இரண்டு மடங்கு வித்தியாசம்கூட இல்லை. ஆனால் இனங்களின் எண்ணிக்கையாக மாற்றியதும் உண்மையான இடைவெளி மூன்று மடங்கு என்று தெரிகிறது. மார்க் ஹில் 1973இல் முன்வைத்து, லூ யோஸ்ட் 2006இல் மீண்டும் வலியுறுத்திய இந்த மாற்றத்தைக் கட்டுரைகளில் கட்டாயம் தர வேண்டும் என்பதே சரியான நிலைப்பாடு. செலவு ஒரே ஒரு கணக்கு. பயன், படிப்பவருக்கு எண் புரிகிறது.

மடக்கையின் அடி எது என்று எழுதாமல் விடுவது இன்னும் பெரிய கோளாறு. மேலே சொன்ன 1.44 இயல் மடக்கையில் வந்தது. அதே முதலாம் இடத்தை 2ஐ அடியாகக் கொண்ட மடக்கையில் கணக்கிட்டால் 2.08 வரும். இப்போது இருபதாம் இடத்தைப் பாருங்கள். அது பாதுகாக்கப்பட்ட நிலம், எட்டு இனங்கள், இயல் மடக்கையில் ஷானன் 2.05. ஓர் ஆய்வாளர் ஒரு மடக்கையிலும் இன்னொருவர் வேறு மடக்கையிலும் கணக்கிட்டு, இருவரும் அதைச் சொல்லாமல் விட்டால், ஐந்து இனமுள்ள மேய்ச்சல் நிலமும் எட்டு இனமுள்ள ஈரநிலமும் சமமாகத் தோன்றும்.

சிம்சன் குறியீட்டிலும் இதே குழப்பம். எட்வர்ட் சிம்சன் 1949இல் வெளியிட்ட கருத்து மிக எளிது. அதே விகிதத்தில் செடிகள் உள்ள ஒரு நிலத்தில் கண்ணை மூடி இரண்டு செடிகளைத் தொட்டால், இரண்டும் ஒரே இனமாக இருக்க என்ன வாய்ப்பு? முதலாம் இடத்தில் அந்த வாய்ப்பு 0.27. சிலர் இதையே சிம்சன் என்று எழுதுகிறார்கள். சிலர் ஒன்றிலிருந்து கழித்து 0.73 என்கிறார்கள். சிலர் தலைகீழாக்கி 3.77 என்கிறார்கள். முதல் வடிவத்தில் எண் ஏறினால் பல்வகைமை குறைகிறது. மற்ற இரண்டிலும் எண் ஏறினால் பல்வகைமை கூடுகிறது. எந்த வடிவம் என்று சொல்லாத கட்டுரையில் "சிம்சன் மதிப்பு உயர்ந்தது" என்ற வாக்கியத்துக்கு நேரெதிரான இரண்டு பொருள்கள் உண்டு.

இவையெல்லாம் கணக்கு முறை பற்றியவை. அதற்கும் முன்னால், அட்டவணையில் உள்ள எண்களே என்ன என்று கேட்க வேண்டும். டெர்ஸ்கெல்லிங் அட்டவணையின் 7, 4, 2, 1 எல்லாம் செடிகளின் எண்ணிக்கை இல்லை. தரையில் எவ்வளவு பரப்பை ஓர் இனம் மூடியிருக்கிறது என்பதற்கான 1 முதல் 9 வரையான தர எண்கள். இதில் 5 என்றால் 5 முதல் 12.5 சதவீதப் பரப்பு. 7 என்றால் 25 முதல் 50 சதவீதம். 9 என்றால் 75 சதவீதத்துக்கு மேல். படிகள் சமமானவை அல்ல. தர எண்ணுக்குப் பதில் உண்மையான பரப்பைப் போட்டால் லோலியத்தின் ஆதிக்கம் இன்னும் பெருகும், ஷானன் மதிப்பு இறங்கும். ஆகவே "ஷானன் குறியீடு தர எண்களிலிருந்து கணக்கிடப்பட்டது" என்ற ஒரு வரி இல்லாவிட்டால், செடிகளை எண்ணிக் கணக்கிட்ட இன்னொரு கட்டுரையோடு இதை ஒப்பிடுபவர் தவறான முடிவுக்கு வருவார்.

இப்போது நான்கு வகை நிலங்களுக்கும் சராசரி எடுப்போம். பொழுதுபோக்கு விவசாய நிலங்களின் ஷானன் சராசரி 2.46. இயற்கை விவசாயம் 2.25. வழக்கமான விவசாயம் 2.04. இயற்கைப் பாதுகாப்பு நிலங்கள் 2.00.

பாதுகாக்கப்பட்ட நிலம்தான் கடைசி! இந்த வரிசையை மட்டும் ஒரு செய்தித்தாள் வெளியிட்டால் தலைப்பு என்னவாக இருக்கும் என்று ஊகிக்கலாம். ஒதுக்கி வைத்துப் பயன் இல்லை, உரம் போட்ட மேய்ச்சல் நிலமும் இதுவும் ஒன்றே என்று முடிவுகட்டிவிடுவார்கள். சராசரிகள் தவறு இல்லை. ஆனால் ஷானன் குறியீடு எத்தனை இனம், எந்தப் பங்கு என்று மட்டுமே கேட்கிறது. எந்த இனம் என்று அது கேட்பதே இல்லை.

சராசரியோடு பரவலையும் தந்தால் ஓரளவு உண்மை வெளிவரும். வழக்கமான விவசாய நிலங்கள் ஆறிலும் மதிப்பு 1.44 முதல் 2.43 வரை சிதறிக் கிடக்கிறது. பாதுகாப்பு நிலங்களில் 1.86 முதல் 2.13 வரை மட்டுமே. சராசரி ஏறக்குறைய ஒன்று, நிலைமை வேறு. ஆனாலும் எந்தெந்தச் செடிகள் என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

இருபதாம் இடத்தில் வளர்பவை தரையோடு படரும் வில்லோ, கோரை இனங்கள், ஈரத்தில் வளரும் மஞ்சள் பூ ரனன்குலஸ், பாசிகள். முதலாம் இடத்தின் ஐந்து இனங்களில் ஒன்றுகூட இங்கே இல்லை. இந்த வேறுபாட்டை அளக்கப் பிரே-கர்ட்டிஸ் அளவு பயன்படுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலக் காடுகளை ஆராய்ந்த பிரேயும் கர்ட்டிஸும் 1957இல் எழுதிய கட்டுரையால் அதற்கு அந்தப் பெயர். இரண்டு இடங்களுக்கும் பொதுவாக உள்ள அளவைப் பார்க்க வேண்டும். முதலாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நான்கு புற்கள் பொது. ஒவ்வொன்றிலும் குறைந்த மதிப்பை எடுத்துக் கூட்டினால் 16. இரண்டு இடங்களின் மொத்தம் 18 கூட்டல் 40, அதாவது 58. பொதுப்பகுதியை இரட்டித்து 58ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.45. முதலாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் பொதுவாக எதுவுமே இல்லாததால் வேறுபாடு 1. அதற்கு மேல் போக முடியாது.

இருபது இடங்களுக்கு இப்படி 190 ஜோடிகள். இந்த 190 தூரங்களையும் வைத்துக்கொண்டு, பராமரிப்பு முறைக்கும் செடிகளின் கூட்டமைப்புக்கும் தொடர்பு உண்டா என்று சோதிப்பதுதான் பெர்மனோவா. நியூசிலாந்தில் பணியாற்றிய மார்ட்டி ஆண்டர்சன் 2001இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு சூழலியலில் இது எங்கும் பரவியது.

அதன் அடிப்படை எளிது. எல்லா 190 தூரங்களையும் வர்க்கமாக்கிக் கூட்டி 20ஆல் வகுத்தால் 4.30 வருகிறது. இது மொத்த வேறுபாடு. அதே கணக்கை ஒவ்வொரு குழுவுக்குள்ளும் மட்டும் செய்து கூட்டினால் 2.83. மீதி 1.47தான் குழுக்களுக்கு இடையிலான பங்கு. 1.47ஐ 4.30ஆல் வகுத்தால் 0.34. பராமரிப்பு முறையைத் தெரிந்துகொண்டால் செடிகளின் வேறுபாட்டில் 34 சதவீதத்துக்கு விளக்கம் கிடைக்கிறது என்று இதற்குப் பொருள். குழுக்களுக்கு இடையிலான பங்கையும் உள்ளேயான பங்கையும் அவற்றின் கட்டின்மை எண்களான 3, 16 ஆகியவற்றால் வகுத்து விகிதம் எடுத்தால் 2.77. இது F மதிப்பு.

2.77 பெரியதா சிறியதா? இங்கேதான் கலைத்துப் பார்க்கும் உத்தி வருகிறது. இருபது துண்டுச்சீட்டில் இருபது நிலங்களின் பராமரிப்பு முறையை எழுதி, குலுக்கி, கண்ணை மூடி ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சீட்டைக் கொடுத்துவிடுகிறோம் என்று வையுங்கள். செடிகள் அங்கேயே இருக்கின்றன. பெயர்ச்சீட்டு மட்டும் மாறுகிறது. பராமரிப்புக்கும் செடிகளுக்கும் தொடர்பே இல்லை என்றால், இந்தக் குலுக்கலில் வரும் F மதிப்பும் உண்மையான F மதிப்பும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். கணினி இப்படி 999 முறை குலுக்குகிறது. அவற்றில் எத்தனை முறை 2.77ஐத் தொட்டது அல்லது தாண்டியது என்று எண்ணி, உண்மையான வரிசையையும் ஒன்றாகச் சேர்த்து, ஆயிரத்தால் வகுத்தால் p மதிப்பு. செடிகளின் எண்ணிக்கை மணிவடிவப் பரவலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இங்கே இல்லை. பாதிக்கு மேல் பூஜ்யங்கள் நிறைந்த இனப்பட்டியலுக்கு அது பெரிய விடுதலை.

ஆரில் இதைச் செய்யச் சில வரிகள் போதும்.

```
library(vegan)
data(dune); data(dune.env)
set.seed(1)
adonis2(dune ~ Management, data = dune.env,
        method = "bray", permutations = 999)
```

டெர்ஸ்கெல்லிங் தரவில் p மதிப்பு 0.01க்குக் கீழே விழும். குலுக்கல் ஒவ்வொரு முறையும் வேறாக அமைவதால் கடைசி இலக்கம் மாறும். தொடக்க எண்ணை `set.seed` மூலம் நிலைநிறுத்தினால் இன்னொருவரும் அதே விடையைப் பெறலாம். 999 குலுக்கலில் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய p மதிப்பு 0.001. எனவே p = 0.000 என்று அச்சாகும் கட்டுரையில் அந்த எண் பிழை. குலுக்கல் எண்ணிக்கையைச் சொல்லாமல் p மதிப்பை மட்டும் தருவதும் குறையே.

சில ஆய்வுகளில் குலுக்கவே போதிய இடம் இருக்காது. டெர்ஸ்கெல்லிங்கில் சீட்டுகளை 650 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் பங்கிடலாம். ஆனால் ஒரு குழுவில் 3 இடம், மற்றொன்றில் 3 இடம் என்று மட்டும் ஆய்வு செய்தால், வேறுபட்ட பங்கீடுகள் பத்தே பத்து. அப்போது p மதிப்பு 0.1க்குக் கீழே போக வழியே இல்லை. எவ்வளவு பெரிய வித்தியாசம் களத்தில் இருந்தாலும் சோதனை அதைக் காட்டாது. மாதிரி எடுக்கப் போகும் முன்பே இதைக் கணக்கிட்டுவிட வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. பெர்மனோவா சொல்வது, குழுக்கள் வேறுபடுகின்றன என்று. எப்படி வேறுபடுகின்றன என்று அது சொல்வதில்லை. இரண்டு குழுக்களின் மையம் வேறு வேறு இடத்தில் இருக்கலாம். அல்லது மையம் ஒன்றாகவே இருந்து, ஒரு குழு நெருக்கமாகவும் மற்றது சிதறியும் இருக்கலாம். இரண்டுமே p மதிப்பைக் குறைக்கக்கூடும்.

டெர்ஸ்கெல்லிங் அட்டவணையில் இது கண்ணுக்கே தெரிகிறது. பொழுதுபோக்கு நிலங்களான ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே பிரே-கர்ட்டிஸ் தூரம் 0.30 மட்டுமே, இரண்டும் உடன்பிறந்தவை போல. பாதுகாப்பு நிலங்களான பதினேழுக்கும் இருபதுக்கும் இடையே 0.91. ஒரே குழுவில் இருந்தும் அவற்றுக்குப் பொதுவானது ஒரே ஒரு செடி. பாதுகாப்பு நிலங்களை ஒன்றுசேர்ப்பது அவற்றின் நிர்வாகப் பெயர். செடிகளைப் பார்த்தால் அவை உலர்ந்தது, நனைந்தது என்று பிரிந்து நிற்கின்றன.

இதற்காகவே ஆண்டர்சன் 2006இல் சிதறலை மட்டும் தனியாகச் சோதிக்கும் முறையைத் தந்தார். வேகனில் அதற்கு `betadisper` என்று பெயர். ஒவ்வொரு குழுவுக்கும் மையம் கண்டு, அதிலிருந்து ஒவ்வோர் இடமும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து ஒப்பிடுகிறது. பெர்மனோவாவின் முடிவோடு இந்த முடிவும் சேர்ந்தே வர வேண்டும். குழுக்களின் அளவு சமமாக இருந்தால் பெர்மனோவா சிதறல் வேறுபாட்டைப் பெரும்பாலும் தாங்கிவிடும். அளவு சமமில்லாதபோதுதான் ஆபத்து. சிறிய குழு அதிகம் சிதறியிருந்தால், இல்லாத வித்தியாசத்தைச் சோதனை இருப்பதாகக் காட்டிவிடும். பெரிய குழு சிதறியிருந்தால் எதிர்மாறாக, இருக்கும் வித்தியாசத்தைக்கூட மறைக்கப் பார்க்கும். டெர்ஸ்கெல்லிங்கில் குழு அளவுகள் 3, 5, 6, 6. தூரம் அதிகம் விரிந்திருக்கும் பாதுகாப்பு நிலங்கள் பெரிய குழுக்களில் ஒன்று. ஆகவே சிதறலால் மட்டுமே குறைந்த p மதிப்பு வந்திருக்கும் என்ற சந்தேகம் இங்கே பலவீனமானது. இப்படி ஒரு வாக்கியத்தைக் கட்டுரையில் எழுதிவிட்டால் மதிப்பாய்வாளரின் பாதிக் கேள்விகள் முன்பே பதில் பெற்றுவிடும்.

மீதிப் பாதி ஈரத்தைப் பற்றியது. அட்டவணையோடு மண்ணின் ஈரமும் தரப்பட்டிருக்கிறது. ஆறு பாதுகாப்பு நிலங்களில் நான்கு மிக ஈரமான வகை. பொழுதுபோக்கு நிலங்கள் ஐந்தில் மூன்று மிக உலர்ந்த வகை. எந்த நிலத்தை எப்படிப் பராமரிப்பது என்று யாரும் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவில்லை. அந்த 34 சதவீதத்தில் பராமரிப்பின் வேலை எவ்வளவு, தண்ணீரின் வேலை எவ்வளவு என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. ஈரத்தையும் மாதிரியில் சேர்க்கலாம். அப்போது எந்தக் காரணியை முதலில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறலாம். வரிசைப்படி சோதித்தோமா, மற்றவற்றைக் கழித்த பிறகு சோதித்தோமா என்பதை `by = "terms"` அல்லது `by = "margin"` என்று குறிப்பிட்டு, அதைக் கட்டுரையிலும் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்து எழுதினால் ஒரு பத்தியைத் தாண்டாது. "இயற்கைப் பாதுகாப்பு நிலங்களின் ஷானன் மதிப்பு (இயல் மடக்கை, பரப்புத் தர எண்களிலிருந்து) சராசரி 2.00, திட்ட விலக்கம் 0.11, 6 இடங்கள். வழக்கமான விவசாய நிலங்களில் 2.04, திட்ட விலக்கம் 0.33, 6 இடங்கள். தாவரக் கூட்டமைப்பு நான்கு பராமரிப்பு முறைகளுக்கிடையே வேறுபட்டது (பெர்மனோவா, பிரே-கர்ட்டிஸ், 999 குலுக்கல், F(3,16) = 2.77, R² = 0.34, p < 0.01). பாதுகாப்பு நிலங்களில் நான்கு மிக ஈரமானவை என்பதால் பராமரிப்பின் விளைவையும் ஈரத்தின் விளைவையும் இத்தரவால் முழுமையாகப் பிரிக்க இயலாது." இதன் பின்னே சிதறல் சோதனையின் F, p மதிப்புகள் ஒரு வரி. அவ்வளவுதான்.

வெறும் "p < 0.05, குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு" என்று முடியும் வாக்கியத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். R² இல்லாத p மதிப்பு, வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்வதில்லை. இடங்கள் ஏராளமாக இருந்தால் 3 சதவீத விளக்கம்கூட 0.001ஐத் தொட்டுவிடும்.

கட்டுரை எழுதும் மாணவர்களும் அதை ஏற்கும் இதழ்களும் இன்னொன்றையும் செய்ய வேண்டும்: மூல அட்டவணையையும் கட்டளை வரிகளையும் கட்டுரையோடு வெளியிடுங்கள். டெர்ஸ்கெல்லிங்கின் 20 வரிசைகள் வெளியில் இருப்பதால்தான் இந்தக் கட்டுரையின் ஒவ்வோர் எண்ணையும் ஒரு கல்லூரி மாணவி தன் கணினியில் சரிபார்க்க முடிகிறது. முதலாம் இடத்தின் 1.44ஐச் சரிபார்க்கக் கணினிகூட வேண்டாம்; தாளும் மடக்கை அட்டவணையும் போதும்.